போட்டோவில் பலா, அன்னாசி, தேங்காய்: எதை நம்பி வாங்கலாம்?

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டுக்குப் பழம் தருபவர், வண்ணாரப்பேட்டையில் கடை போட்டிருக்கும் ஒரு தம்பி. காலையில் வாட்ஸ்அப்பில் நாலைந்து போட்டோ அனுப்பி, "அக்கா, எதை எடுத்து வைக்கட்டும்?" என்று கேட்பார். அம்மாவுக்கு முட்டிவலி, எனக்கு வேலை, அதனால் பார்த்துதான் சொல்ல வேண்டும். தட்டவும் முடியாது, மோந்து பார்க்கவும் முடியாது.

முதலில் ஒன்று. போட்டோவில் நிறத்தை நம்ப வேண்டாம். கடையின் மேலே நீலத் தார்ப்பாய் கட்டியிருந்தால் மஞ்சளும் பச்சையாகத் தெரியும். ஆரஞ்சு என்றால் எல்லாமே பழுத்த மாதிரி இருக்கும். முள், கண், வடிவம் இவை அப்படி மாறாது.

பலாவில் முள்தான் பேசும். பிஞ்சில் முட்கள் கூராக, நெருக்கமாக நிற்கும். முற்ற முற்ற அடிப்பகுதி விரிந்து, முனை மழுங்கி, இடைவெளி அதிகமாகும். அடுத்தது வடிவம். நடுவில் ஒரு பக்கம் ஒடுங்கி, இடுப்பு மாதிரி பள்ளம் விழுந்திருந்தால் அந்த இடத்தில் சுளை சரியாகப் பிடிக்கவில்லை. கோதுதான் அதிகம் இருக்கும். இதில் ஒரு நிம்மதி உண்டு. முற்றிய காயாகப் பறித்திருந்தால் பலா வீட்டில் வைத்தும் பழுக்கும். எனவே பழுத்ததா என்று போட்டோவில் தேட வேண்டாம், முற்றியதா என்று பார்த்தால் போதும்.

அன்னாசி இதற்கு நேர் எதிர். செடியிலிருந்து வெட்டிய பிறகு அதன் இனிப்பு கூடாது, ஏனென்றால் சர்க்கரையாக மாறுவதற்கு அதற்குள் மாவுச்சத்துச் சேமிப்பு இல்லை. வீட்டில் வைத்தால் தோல் மஞ்சளாகும், சதை மெத்தென்றாகும், அவ்வளவுதான். அதனால் அன்னாசியை மட்டும் வாங்கும்போதே பழமாக வாங்க வேண்டும், போட்டோவில் அதிக நேரம் செலவழிக்க வேண்டியதும் இதற்குத்தான்.

போன ஜூன் மாதம் இரண்டு பழம் காட்டினார். ஒன்று மேலிருந்து கீழ் வரை ஒரே தங்க மஞ்சள். இன்னொன்றில் அடியில் மட்டும் மஞ்சள், கொண்டைப் பக்கம் பச்சை. அதற்கு முந்தைய வாரம் மஞ்சளை நம்பி வாங்கி, புளிப்பில் நாக்கு கூசியிருந்தது. தோலை மட்டும் மஞ்சளாக்கும் மருந்து அடிப்பதும் உண்டு. அதனால் இந்த முறை இரண்டின் தோலிலும் கட்டம் கட்டமாக இருக்கும் கண்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மஞ்சள் பழத்தில் கண்கள் சிறிதாக, நடுவில் மேடாக இருந்தன. பச்சைப் பழத்தில் அடிப்பக்கக் கண்கள் அகன்று தட்டையாகி, பக்கத்துக் கண்ணோடு சமமாகப் படிந்திருந்தன. அன்னாசி அடியிலிருந்துதான் பழுத்து வரும். பச்சையைச் சொன்னேன், நல்ல இனிப்பு. ஆனால் ஒரே ரகத்துக்குள்தான் இப்படி ஒப்பிட வேண்டும். கேரளாவிலிருந்து வரும் மொரீஷியஸ் ரகத்துக்கு இயல்பிலேயே கண் சிறிது. பெரிய கியூ ரகத்துக்குக் கண் அகலம், அது உள்ளே பழுத்தும் வெளியே பச்சையாக இருப்பதுண்டு.

தேங்காய்தான் போட்டோவில் மிகவும் ஏமாற்றும். முதலில் இளநீரா முற்றலா என்ற கேள்வி. ஏழு மாதத்திலேயே காய் கிட்டத்தட்ட முழு அளவுக்கு வந்துவிடும், அதனால் வடிவம் உதவாது. பத்து மாதக் காயும் பச்சையாகத்தான் இருக்கும். பன்னிரண்டில்தான் தோல் பழுப்பாகிச் சுருங்கும். செவ்விளநீரோ இளசிலேயே ஆரஞ்சு. நான் பார்ப்பது காம்புத் தொப்பியைச் சுற்றியுள்ள விளிம்பை. அங்கே வெளிர் மஞ்சளாக ஒரு வளையம் தெரிந்தால் இளசு, தண்ணீரும் வழுக்கையும் கிடைக்கும். வளையம் மறைந்து மற்ற தோலின் நிறமே வந்துவிட்டால் உள்ளே பருப்பு தடித்திருக்கும். எந்த நிறத் தோலானாலும் அதே காயின் தோலோடுதான் ஒப்பிடுகிறேன், அதனால் தார்ப்பாயின் நிறம் இங்கே அவ்வளவாகக் கெடுப்பதில்லை. ஆனால் வழுக்கை எவ்வளவு தடிமன் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது.

சமையலுக்கான உரித்த தேங்காயில் நார் காய்ந்து பழுப்பாக, ஓடு கரும்பழுப்பாக இருந்தால் நன்றாக முற்றியது. வெளிர் நிறத்தில் ஈரமான நார் என்றால் இளசு. சட்னிக்கு ஆகும், பால் பிழிந்தால் நீர்த்துவரும். ஓட்டில் கருங்கோடு ஓடினால் விரிசல், தண்ணீர் கசிந்திருக்கும்.

கெடுவதைச் சொல்வது மூன்று கண்கள். ஆனால் அவை குடுமிக்குள் மறைந்திருக்கும். காய் நாள்பட நிற்கட்டும் என்றுதான் குடுமியை விட்டுவைக்கிறார்கள், அதைப் பிய்க்கச் சொல்லக்கூடாது. ஒருமுறை போட்டோ பார்த்து ஆறு காய் வாங்கியதில் ஒன்றில் குடுமிக்கடியில் கண் ஈரமாகி, கறுப்புப் பூஞ்சணம் பிடித்திருந்தது, உடைத்தால் நாற்றம். இப்போதெல்லாம், "தம்பி, குடுமியை விரலால் விலக்கிப் பிடிச்சு, கண்ணு தெரியற மாதிரி இன்னொரு போட்டோ போடுப்பா" என்கிறேன். கண் காய்ந்து, ஓட்டின் நிறத்திலேயே இருந்தால் எடுத்து வைக்கச் சொல்வேன். எடை எப்படி, ஆட்டினால் தண்ணீர் சத்தம் கேட்கிறதா என்பதை மட்டும் அவரே பார்த்துச் சொல்லிவிடுவார்.