75 ஜிஎஸ்எம் என்று வாங்கிய ஏ4 ரீம் 66-தான் இருந்தது: படத்தை நம்பாதீங்க

ஆன்லைனில் ஏ4 பேப்பர் வாங்குறவங்க கவனத்துக்கு. ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்ற கணக்கு, ரீம் என்பது 500 தாள் கட்டு. விற்பனைப் படத்தில் ரேப்பர் மேல் பெரிசாக "75" என்று போட்டிருந்தது. பக்கவாட்டுப் படத்தில் கட்டும் நல்ல தடிமனாகத் தெரிந்தது. வந்த ரீமை ரேப்பரோடு எடை போட்டால் 2.09 கிலோ. நிஜமான 75 ஜிஎஸ்எம் என்றால் தாள் மட்டுமே 2.34 கிலோ இருக்கணும். 70 என்றால்கூட 2.18.

எடை குறைந்தால் தாள் எண்ணிக்கை குறைவா, தாளே மெலிசா என்று பார்க்கணும். எண்ணினால் 500 சரியாக இருந்தது. அடுத்து 16 தாளை மட்டும் சமையலறைத் தராசில் வைத்தால் 66 கிராம். ஏ4 தாள் 16 சேர்ந்தால் கிட்டத்தட்ட சரியாக ஒரு சதுர மீட்டர். அதனால் தராசு காட்டும் கிராம்தான் ஜிஎஸ்எம், வேறு கணக்கே வேண்டாம். தாளின் நீள அகலம் 297, 210 மி.மீ. இருக்கிறதா என்று மட்டும் முதலில் அளந்துக்கணும். ஓரத்தில் கொஞ்சம் குறைத்து வெட்டியிருந்தால் இந்தக் கணக்கு தப்பும்.

படத்தில் ஏன் ஏமாந்தது? குறுகிய பக்கத்தை நேராக எடுத்த படம் அது. அகலம் 210 மி.மீ. என்பது தெரிந்ததுதானே, அதை வைத்து உயரத்தைக் கணக்கிட்டால் 48 மி.மீ. வந்தது, அதாவது தாள் ஒன்றுக்கு 96 மைக்ரான். சாதாரண 75 ஜிஎஸ்எம் தாளும் ஏறக்குறைய அவ்வளவுதான் இருக்கும். ஆனால் தடிமன் வேறு, எடை வேறு. உருளையில் நன்றாக அழுத்தாத தாள் உப்பலாக இருக்கும். சரக்கு கம்மி, உயரம் அதே. இட்லி மாவு பொங்கி நிற்கிற மாதிரி. இந்த ரீமில் தாள் சொரசொரப்பாகவும் இருந்தது. கறுப்பு பட்டையாக அச்சடித்தால் திட்டுத் திட்டாக விழுந்தது, இரண்டு பக்கமும் அடித்தால் பின்பக்க எழுத்து தெரிந்தது.

ரேப்பரிலும் ஒரு தந்திரம். முன்பக்க "75" பக்கத்தில் ஜிஎஸ்எம் என்ற எழுத்தே இல்லை. அது பிராண்ட் பெயரின் ஒரு பகுதி. உண்மையான ஜிஎஸ்எம், தாள் எண்ணிக்கை, அளவு எல்லாம் ஓரத்துப் பொடி எழுத்தில் இருக்கும். அந்தப் பக்கத்தைப் படம் எடுக்காமல் விட்டிருந்தால் சந்தேகப்படுங்க.

விளிம்புப் படம் அடியோடு வீண் என்று சொல்ல முடியாது. விளிம்பு அலையலையாக வளைந்திருந்தால் ஈரம் ஏறிய சரக்கு, பிரிண்டரில் சிக்கும். பஞ்சு மாதிரி நார் நீட்டிக்கொண்டிருந்தால் மழுங்கிய கத்தியில் வெட்டியது. அந்தத் தூசு ரோலரில் ஒட்டும், பிறகு தாள் பிடிபடாது. ஜிஎஸ்எம்மை மட்டும் அதில் தேடாதீங்க.

மொத்தமாக வாங்குவதானால் விற்பவரிடம் இரண்டு படம் கேளுங்க: ஓரத்துப் பொடி எழுத்து கிட்டத்தில், ரீம் தராசில் வைத்தபடி. கட்டு வந்ததும் பிரிக்கும் முன்பே எடை போட்டுப் படம் எடுத்து வையுங்க, பிரித்த ரீமைத் திருப்பி எடுக்க மாட்டேன் என்பார்கள்.