80 சதவீத வெற்றியா, 40 சதவீத வெற்றியா: ஒரே எதிர்பார்ப்பு மதிப்பு தரும் இரண்டு உத்திகள்

நிஃப்டியில் இரண்டு வகை உத்திகள் அதிகம் பேசப்படுகின்றன. முதலாவது, சந்தை விலையிலிருந்து தள்ளியிருக்கும் கால், புட் ஆப்ஷன்களை விற்று பிரீமியத்தைச் சேர்ப்பது. இரண்டாவது, விலை ஒரு திசையில் நகரத் தொடங்கியதும் ஃபியூச்சரில் நுழைந்து, நெருக்கமான ஸ்டாப் லாஸுடன் அந்த நகர்வு முடியும்வரை பின்தொடர்வது. இரண்டையும் எடைபோட்டு நான் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தவன். ஆகவே இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்தே இருக்கும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஒரு வர்த்தகத்துக்குச் சராசரியாக எவ்வளவு மிஞ்சும் என்பதே எதிர்பார்ப்பு மதிப்பு. அதைக் கணக்கிடும் முறை எளியது. வெற்றி விகிதம் p, சராசரி லாபம் W, சராசரி நஷ்டம் L என்றால்:

```
E  = p × W − (1 − p) × L
p0 = L / (W + L)
```

p0 என்பது லாபமும் நஷ்டமும் சமமாகிப்போகும் வெற்றி விகிதம். உத்தியின் வெற்றி விகிதம் இதற்கு மேல் இருந்தால்தான் கையில் ஏதாவது நிற்கும். ஒப்பிட வசதியாக முழு எண்களை எடுத்துக்கொள்வோம். ஆப்ஷன் விற்பனையில் வெற்றி 80 சதவீதம், சராசரி லாபம் 1,000 ரூபாய், சராசரி நஷ்டம் 3,000 ரூபாய் என்றால் E = 800 − 600 = 200 ரூபாய்; p0 = 75 சதவீதம். போக்கைப் பின்தொடரும் உத்தியில் வெற்றி 40 சதவீதம், சராசரி லாபம் 2,000, சராசரி நஷ்டம் 1,000 என்றால் அங்கும் E = 800 − 600 = 200; p0 = 33.3 சதவீதம். வெற்றி விகிதத்தை மட்டும் பார்த்து ஓர் உத்தியைப் பாராட்டுவதில் பொருளில்லை என்பது இதிலேயே தெரிந்துவிடுகிறது. தரகு, வரி, நுழைவிலும் வெளியேற்றத்திலும் விலை நழுவுவதால் ஏற்படும் இழப்பு ஆகியவற்றைக் கழித்த பிறகே W, L இரண்டையும் எடுக்க வேண்டும். இந்த 200 ரூபாயில் செலவுக்கு மட்டும் 100 போனால் இரண்டு உத்திகளின் பலனும் பாதியாகிவிடும்.

வெற்றி விகிதத்தை நாம் தவறாக மதிப்பிட்டிருந்தால் எது முதலில் கவிழும் என்று பார்த்தாலும் பெரிய வேறுபாடு இல்லை. 100 வர்த்தகங்களை வைத்து அளந்த 80 சதவீதத்தில் தற்செயலால் மட்டுமே ஏறத்தாழ 4 புள்ளிகள் முன்பின்னாக இருக்கலாம். p0-வுக்கு மேல் நமக்கு இருக்கும் இடைவெளி 5 புள்ளிகள். 40 சதவீதத்தில் அந்தத் தற்செயல் வேறுபாடு ஏறத்தாழ 5 புள்ளிகள், இடைவெளி 6.7 புள்ளிகள். இரண்டுமே ஏறக்குறைய ஒரே அளவு மெலிந்தவை.

என் முடிவைத் தீர்மானித்தது வேறொன்று: சூத்திரத்தில் நாம் போடும் சராசரி எந்தப் பக்கம் பிழைபடும் என்ற கேள்வி. ஆப்ஷன் விற்பனையில் 100 வர்த்தகங்களில் நஷ்டமானவை 20 மட்டுமே. அந்த 3,000 ரூபாய் சராசரி அந்த இருபதிலிருந்து பிறந்தது. அந்த இருபதும் அமைதியான மாதங்களில் நேர்ந்தவையாக இருந்தால், பெரிய நஷ்டம் ஒன்றுகூடப் பதிவேட்டில் இருக்காது. 2024 ஜூன் 4, மக்களவைத் தேர்தல் வாக்கு எண்ணிக்கை நாளை எடுத்துக்கொள்ளுங்கள். முந்தைய நாள் நிஃப்டி 23,263.90-ல் முடிந்திருந்தது. அதிலிருந்து 760 புள்ளிகளுக்கு மேல் கீழேயிருந்த 22,500 புட்டை ஒருவர் விற்று, ஸ்டாப் லாஸ் இல்லாமல் வைத்திருந்தார் என்று கொள்வோம். அன்று நிஃப்டி 21,884.50-ல் முடிந்தது. 615 புள்ளிகள் பணத்துக்குள் வந்துவிட்ட அந்தப் புட், அப்போதைய 25 லாட் அளவில், காலமதிப்பைச் சேர்க்காமலேயே ஏறத்தாழ 15,400 ரூபாய் நஷ்டம். வாங்கிய பிரீமியத்தைக் கழித்து 15,000 என்று வைத்துக்கொள்வோம். இருபது நஷ்டங்களில் ஒன்று 3,000-க்குப் பதில் 15,000 ஆகியிருந்தால் 100 வர்த்தகங்களின் மொத்த லாபம் 20,000-லிருந்து 8,000 ஆகச் சுருங்குகிறது. E 200-லிருந்து 80 ஆகிறது. அப்படி இரண்டு நேர்ந்திருந்தால் 4,000 ரூபாய் நஷ்டம். வெற்றி விகிதம் அப்போதும் அதே 80 சதவீதம்தான் என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஸ்டாப் லாஸ் வைத்திருந்தால் போதுமே என்பார்கள். ஜூன் 4 அன்று வீழ்ச்சி வர்த்தக நேரத்தில் நடந்ததால் திரையின் முன் இருந்தவர் வெளியேறியிருக்கலாம். 2020 மார்ச் 23 அப்படியில்லை: வெள்ளிக்கிழமை முடிவைவிட ஏறக்குறைய 800 புள்ளிகள் கீழே சந்தை திறந்தது; சற்று நேரத்தில் 10 சதவீத வீழ்ச்சியைத் தொட்டு 45 நிமிடம் வர்த்தகமே நிறுத்தப்பட்டது. வெள்ளிக்கிழமை குறித்து வைத்த விலையில் ஸ்டாப் லாஸ் நிறைவேற அங்கே வழியே இல்லை.

போக்கைப் பின்தொடரும் உத்தியிலும் இத்தகைய இடைவெளி நேரும். ஆனால் அதில் நஷ்டமானவை 60 என்பதால் சராசரி நஷ்டத்தை ஓரளவு நம்பலாம். ஒரு நஷ்டம் மூன்று மடங்கானாலும் மொத்தம் 20,000-லிருந்து 18,000 ஆகத்தான் குறையும். அதன் பலவீனம் லாபப் பக்கத்தில் இருக்கிறது. நாற்பது வெற்றிகளில் ஒன்றிரண்டே பெரும்பங்கைச் சம்பாதித்திருக்கும். மிகப் பெரிய லாபம் 9,000 என்று வைத்து அதை நீக்கிவிட்டால் மீதி 99 வர்த்தகங்களில் மொத்தம் 11,000, அதாவது E ஏறத்தாழ 111. இதுவும் கணிசமான சரிவுதான். ஆயினும் இந்தச் சோதனையில் நான் ஏற்கெனவே நடந்த ஒன்றைக் கழித்துப் பார்க்கிறேன். ஆப்ஷன் விற்பனையிலோ இன்னும் நடக்காத, ஆனால் நடக்கக்கூடிய ஒன்றைக் கூட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது. குறுகிய பதிவேடு முதல் உத்தியைப் பெரும்பாலும் அழகாகக் காட்டும். இரண்டாவதைப் பெரும்பாலும் குறைத்துக் காட்டும்.

இரண்டாவது உத்திக்கு ஒரு விலை உண்டு, அதை மறைக்கக் கூடாது. 60 சதவீதம் தோல்வி என்றால் 100 வர்த்தகங்களுக்குள் தொடர்ந்து ஏழு நஷ்டம் வருவது சாதாரணம். முதல் உத்தியில் தொடர் நஷ்டம் பெரும்பாலும் மூன்றோடு நின்றுவிடும். ஏழாவது நஷ்டத்துக்குப் பிறகு எட்டாவது வாய்ப்பைத் தவறவிடுபவருக்கு, அந்த எட்டாவதே 9,000 ரூபாய் தரும் வர்த்தகமாக இருந்தால், அவருடைய E சூத்திரம் சொல்வது அல்ல. மாதாமாதம் சீரான வரவு வேண்டும் என்பவருக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

ஆப்ஷன் விற்பவர்கள் நியாயமாகவே ஒரு மறுப்பைச் சொல்வார்கள்: இன்னும் தள்ளியிருக்கும் ஆப்ஷன்களை வாங்கி வைத்தால் நஷ்டத்துக்கு உச்சவரம்பு வந்துவிடும் அல்லவா? வரும். அந்தப் பாதுகாப்புக்குத் தலா 250 ரூபாய் செலவாகிறது என்று கொண்டால் சராசரி லாபம் 750 ஆகும், சராசரி நஷ்டம் 3,250 ஆகும்; E = 600 − 650, அதாவது 50 ரூபாய் நஷ்டம். நஷ்ட நாட்களில் வாங்கிய ஆப்ஷன்களும் ஏறுவதால் அதில் ஒரு பகுதி திரும்பி வரும். எனவே உண்மை நிலை இதைவிடச் சற்று நன்றாகவே இருக்கும். எவ்வளவு நன்றாக என்பதை நான் உறுதியாகச் சொல்ல முடியாது. அந்த வகை அமைப்பை நான் குறைவாகவே கையாண்டிருக்கிறேன். அதில் இறங்குபவர், பாதுகாப்புச் செலவைக் கழித்த தம் W, L இரண்டையும் தனியே எழுதி, மேலே செய்ததுபோல் உச்சவரம்பு நஷ்டம் இரண்டை அந்த இருபதில் சேர்த்துப் பார்த்த பிறகு லாட் எண்ணிக்கையை முடிவு செய்யட்டும்.