600 முகவரி கொடுத்தோம், 24 பேரைக் காணோம்: ஸ்டிக்கர் லேபிள் அடிக்கக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

கோயில் பத்திரிகை, கல்யாணப் பத்திரிகை என்று நூற்றுக்கணக்கில் தபாலில் அனுப்புவதற்காக, எக்செல் முகவரிப் பட்டியலை டிடிபி கடையில் கொடுத்து லேபிள் அடித்து வாங்குகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கம் இருப்பவர்கள் இன்னும் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். கடையின் பெயரைப் போடவில்லை. இதே கோளாறு எந்தக் கடையிலும் நடக்கலாம், கண்டுபிடிக்கிற வழி தெரிந்தால் போதும்.

எங்கள் குலதெய்வக் கோயில் கும்பாபிஷேகம். பங்காளிகளும் மாமன் மச்சான்களும் எல்லைக்கு இரண்டு பக்கமும் சிதறிக் கிடக்கிறார்கள். இந்தப் பக்கம் எருத்தேம்பதி, வண்ணாமடை, பாலக்காடு. அந்தப் பக்கம் பொள்ளாச்சி, உடுமலை, கோவை. அக்கா மகன் உட்கார்ந்து எல்லா முகவரியையும் எக்செல்லில் ஏற்றினான். பெயர், வீட்டுப் பெயர், தபால் ஆபீஸ், ஊரும் மாவட்டமும், பின்கோடு என்று தனித்தனிக் காலம். இரண்டு மாநிலத் தபால்காரர்களும் படிக்க வேண்டுமே என்று ஆங்கில எழுத்தில்தான் அடித்தோம். மொத்தம் 600 பேர்.

கடையில் பேசியது இது: ஏ4 ஸ்டிக்கர் ஷீட், ஒரு வரிசைக்கு 3 லேபிள், 8 வரிசை, ஆக ஷீட்டுக்கு 24. ஷீட்டோடு சேர்த்து லேபிளுக்கு 3 ரூபாய், செட்டிங் சார்ஜ் தனி. 600-ஐ 24-ஆல் வகுத்தால் 25 ஷீட். பில்லிலும் 600 லேபிள் என்றே போட்டிருந்தார்கள்.

கட்டை வாங்கிப் பிரித்ததுமே ஒரு குறை கண்ணில் பட்டது. நடு வரிசைகளில் எழுத்து லேபிளுக்குள் கச்சிதமாக இருந்தது. மேல் வரிசையில் எல்லாம் கீழே இறங்கி, பின்கோடு அடுத்த லேபிளின் தலையில் ஏறியிருந்தது. கீழ் வரிசையில் நேர்மாறு, பெயர் மட்டும் மேல் லேபிளில் ஒட்டிக்கொண்டிருந்தது. கேரள முகவரி ஐந்து வரிக்குக் குறையாது. 34 மில்லி உயர லேபிளில் அது அடைத்துக்கொண்டுதான் நிற்கும், கொஞ்சம் நகர்ந்தாலும் ஒரு வரி வெளியே போய்விடும். கடைக்காரரிடம் கேட்டால், "சேட்டா, இப்ப வர்ற ஷீட் எல்லாம் இப்படித்தான், கட்டிங் சரியில்லை" என்றார். நடு வரிசையை விரலால் தொட்டுக் காட்டி, "இங்க பாருங்க, சரியா இருக்குல்ல?" என்று ஒரு சமாதானம் வேறு.

ஷீட்டின் மேல் எந்தத் தப்பும் இல்லை. வேர்டு கோப்பை பிடிஎஃப் ஆக்கி, அச்சடிக்கும்போது "Fit" என்பதை விட்டுவிட்டார்கள். அது பக்கத்தை பிரிண்டரின் ஓரம் தாண்டாதபடி கொஞ்சம் சுருக்கிவிடும், பெரும்பாலும் 97 சதவீதம் அளவுக்கு. பக்கத்தின் மையத்தை வைத்துச் சுருங்குவதால் நடுவில் ஒன்றும் தெரியாது, மேலும் கீழும் போகப் போக விலகல் கூடும். முதல் வரிசையிலும் எட்டாவது வரிசையிலும் கிட்டத்தட்ட மூன்றரை மில்லி தள்ளிப்போய்விடும். இதற்கு ஒரு ஸ்கேல் போதும். 34 மில்லி லேபிளில் முதல் வரிசைப் பெயருக்கும் எட்டாவது வரிசைப் பெயருக்கும் இடையே ஏழு லேபிள் உயரம், அதாவது 238 மில்லிக்கு ஒட்டி இருக்க வேண்டும். எங்கள் ஷீட்டில் 231. ஷீட் கட்டிங் சரியில்லை என்ற கதை அதோடு முடிந்தது. "Actual size" அல்லது 100% என்று வைத்து அடித்தால் இந்தத் தொல்லை வராது.

சரி, இதைப் பேனாவால் சரிசெய்துகொண்டோம். ஒட்டும் வேலைக்குக் கோயிலில் பிள்ளைகள் உட்கார்ந்தார்கள், லேபிள் தீரும் வரை ஒட்டினார்கள், மறுநாள் தபாலில் சேர்த்தாயிற்று. கவர் கூடுதலாகவே வாங்கியிருந்ததால் மிஞ்சிய கவர்களை யாரும் எண்ணவில்லை.

அப்புறம்தான் போன் வர ஆரம்பித்தது. முதலில் வந்தது வண்ணாமடை மூத்த பங்காளி வீட்டிலிருந்து. "எங்களுக்குப் பத்திரிகை வைக்க வேண்டாம்னு யார் முடிவு பண்ணாங்க?" என்று கேட்டார் பெரியப்பா. பட்டியலில் முதல் பெயரே அவருடையதுதான், மரியாதைக்காக முதலில் போட்டது. தபால் தாமதம் என்று நினைத்துச் சமாதானம் சொன்னோம். இரண்டு மூன்று வீட்டிலிருந்து அதே புகார். ஒருவர் பொள்ளாச்சி, ஒருவர் பாலக்காடு, ஒரே தபால் ஆபீஸ்கூட இல்லை.

அக்கா மகன் புகார் சொன்னவர்களை எக்செல்லில் மஞ்சள் அடித்தான். 2-ஆவது வரி, 52-ஆவது வரி, 127-ஆவது வரி. மூன்றுக்கும் இடையே உள்ள தூரம் 25-இன் மடங்கு. உடனே 27-ஆவது வரிக்கும் 77-ஆவது வரிக்கும் நாங்களே போன் போட்டோம். இரண்டு வீட்டிலும் பத்திரிகை வரவில்லை.

இது எப்படி நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். வேர்டில் லேபிள் மெயில் மெர்ஜ் என்பது ஒரு ஷீட்டுக்கான அட்டவணைதான். 24 கட்டம், ஒவ்வொரு கட்டத்திலும் பெயர், முகவரிக்கான புலங்கள். முதல் கட்டம் தானாகவே அப்போதைய முகவரியை எடுத்துக்கொள்ளும். இரண்டாவது கட்டத்திலிருந்து ஒவ்வொன்றின் தலையிலும் "அடுத்த முகவரிக்குப் போ" என்கிற கட்டளை இருக்க வேண்டும். சரியான அமைப்பு இப்படித்தான் தெரியும்:

```
முதல் கட்டம்:     «Name»
மற்ற 23 கட்டம்:   «Next Record»«Name»
```

எல்லாக் கட்டத்திலும் அந்தக் கட்டளை விட்டுப்போனால் ஷீட் முழுக்க ஒரே ஆள் 24 தடவை வருவார். அது பார்த்தவுடனே தெரிந்துவிடும், யாரும் ஏமாற மாட்டார்கள். ஆபத்து இதற்கு எதிர்ப்பக்கம். அவசரத்தில் இரண்டாவது கட்டத்தை நகல் எடுத்து முதல் கட்டத்திலும் ஒட்டிவிட்டால், முதல் கட்டத்திலும் «Next Record» வந்து உட்கார்ந்துவிடும். ஒவ்வொரு புதுப் பக்கத்துக்கும் வேர்டு தானே ஒரு முகவரி முன்னேறுகிறது. அதை அச்சடிப்பதற்கு முன்பே இந்தக் கட்டளை இன்னொன்று தள்ளிவிடும். ஆக, பக்கத்துக்கு 25 முகவரி தீரும், 24 மட்டுமே அச்சாகும்.

எங்கள் பட்டியலில் 1, 26, 51 என்று தொடங்கி 576 வரை 24 பேர் காணாமல் போனார்கள். எக்செல்லில் தலைப்பு வரி ஒன்று இருப்பதால் அதுவே 2, 27, 52-ஆவது வரிகள். இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், கடைசி லேபிளில் 600-ஆவது ஆள் சரியாக வந்து நிற்பார். கடைசிப் பெயரைப் பார்த்து "எல்லாம் வந்துருச்சு" என்று நினைப்பதுதான் இயல்பு. வந்த ஷீட் 25 அல்ல, 24.

கடைக்குப் போனோம். முதலில் சொன்னது: "லிஸ்ட்ல டபுள் எண்ட்ரி இருந்துச்சு, நாங்க எடுத்துட்டோம்." சரியாக 25-க்கு ஒருவர் வீதம் டபுள் எண்ட்ரி விழுமா? அந்த வேர்டு கோப்பைத் திறந்து காட்டச் சொன்னோம். கொஞ்சம் முனகிவிட்டுத் திறந்தார். இடது மேல் மூலையில் முதல் கட்டம், பெயருக்கு முன்னால் «Next Record». அக்கா மகன் அதைத் தொட்டுக் காட்டியதும் அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "அது எல்லாக் கட்டத்துலயும் வரும்" என்றார். பழைய ஆர்டரின் கோப்பையே மாற்றி மாற்றி ஓட்டுகிறார்கள் என்று அப்போது புரிந்தது. அப்படியானால் எங்களுக்கு முன்னால் அதே கோப்பில் அடித்து வாங்கியவர்களுக்கும் பக்கத்துக்கு ஒருவர் போயிருப்பார். எத்தனை வீட்டில் மனஸ்தாபமோ.

24 லேபிளுக்கான பணத்தைத் திருப்பிக் கேட்டால், "ஷீட் போயிருச்சு, மெஷின் ஓடியிருச்சு" என்றார். விட்டுப்போன பேரை அடித்துக் கொடுங்கள் என்றால், மறுபடி செட்டிங் சார்ஜ். அவர் கோப்பில் இருந்த தப்புக்கு நாங்கள் இரண்டாவது முறை காசு கொடுக்க வேண்டுமாம்! வேண்டாம் என்று வந்துவிட்டோம். ஒட்டாமல் போன 24 கவரையும் கையாலேயே எழுதினோம். வண்ணாமடை வீட்டுக்கு மட்டும் நேரில் போய் வெற்றிலை பாக்கு வைத்துக் கூப்பிட்டோம், இனி அங்கே தபால் எடுபடாது.

கடையில் கொடுக்கப் போகிறீர்கள் என்றால், பட்டியலில் வரிசை எண் என்று ஒரு காலம் சேர்த்து, அதையும் லேபிளின் மூலையில் சின்ன எழுத்தில் அச்சடிக்கச் சொல்லுங்கள். பார்க்கிறவருக்கு உறுத்தாது, உங்களுக்கு அது போதும். ஷீட்டுகளின் முதல் லேபிள் எண்களை மட்டும் புரட்டிப் பாருங்கள். 1, 25, 49, 73 என்று போக வேண்டும். 2, 27, 52 என்று போனால் பக்கத்துக்கு ஒருவர் விழுந்துகொண்டிருக்கிறார், பணம் கொடுக்காதீர்கள். ஷீட்டில் 24 அல்லாமல் 21 லேபிள் என்றால் 1, 22, 43 என்று வரும், கணக்கு அதேதான்.

ஸ்டிக்கர் ஷீட்டில் அடிப்பதற்கு முன் வெள்ளைத்தாளில் ஒரு பக்கம் அடிக்கச் சொல்லி, அதை ஷீட்டின் மேல் வைத்து வெளிச்சத்தில் பிடியுங்கள். மேல் வரிசையையும் கீழ் வரிசையையும் பாருங்கள், கடைக்காரர் காட்டுகிற நடு வரிசையை விடுங்கள். போன் நம்பர் காலத்தை அழித்துவிட்டுக் கோப்பைக் கொடுங்கள், லேபிளுக்கு அது எதற்கு? பில்லில் எழுதும்போது "600 லேபிள்" என்று மட்டும் போட விடாமல், "25 ஷீட்" என்றும் சேர்த்து எழுதச் சொல்லி வாங்குங்கள்.