ஜிம்ப்ல போட்டோ ஓரத்தை கரைக்கிறது: ரொம்ப நாளா யூஸ் பண்றவனோட புலம்பல்

ராயப்பேட்டைல பிளெக்ஸ் டிசைன் பண்ற ஃப்ரெண்டு ஒருத்தன் கேட்டான், "மச்சான், உன் பேனர்ல போட்டோ அப்படியே பேக்கிரவுண்ட்ல கலந்துடுது, நான் பண்ணா மட்டும் ஒட்டவெச்ச மாதிரி ஒரு கோடு தெரியுதே, ஏன்டா?" போன்ல சொன்னா புரியாது, அதான் எழுதிடறேன். நான் யூஸ் பண்றது ஜிம்ப் 2.10.

அடிப்படை உங்களுக்கே தெரியும். லேயர்ல ரைட் கிளிக், Add Layer Mask, White (full opacity). D அழுத்தினா முன்னாடி கருப்பு பின்னாடி வெள்ளை வந்துடும், G அழுத்தி கிரேடியன்ட் டூலை எடுத்து FG to BG (RGB) வெச்சு இழுக்கணும். மாஸ்க்ல கருப்பு இருக்கிற இடம் மறையும், வெள்ளை இருக்கிற இடம் தெரியும், நடுவுல சாம்பல் எவ்வளவோ அவ்வளவு பாதி மறைஞ்சு தெரியும்.

இப்ப அந்த கோடு மேட்டருக்கு வருவோம். ஒரு அறுபதாம் கல்யாண பேனர்னு வெச்சுக்கோங்க, தம்பதி போட்டோ இடது பக்கம், 2400 பிக்சல் அகலம், அதோட வலது ஓரம் மெரூன் கலர்ல கரையணும். நிறைய பேர் போட்டோவுக்கு வெளிய இருந்து இழுக்க ஆரம்பிப்பாங்க, 2500-ல ஆரம்பிச்சு 1600-ல விடுவாங்க. அப்ப முழு கருப்பு விழறது 2500-ல, அங்க போட்டோவே இல்ல. 2400-ல, அதாவது போட்டோ முடியற இடத்துல, மாஸ்க் கருப்புக்கு பதிலா அடர் சாம்பலாதான் இருக்கும், படம் லேசா மிச்சம் இருக்கும், அது டக்குனு முடியுது பாருங்க, அதான் கோடு. வெள்ளை பேக்கிரவுண்ட்ல வெளிர் போட்டோ வெச்சா கண்ணுக்கே தெரியாது, மெரூன்ல வெச்சா பல்லை இளிக்கும். அதனால ஓரத்துக்கு கொஞ்சம் உள்ள தள்ளி, 2370 மாதிரி ஆரம்பிச்சு 1500 வரைக்கும் இழுங்க, அதுக்கு வெளிய இருக்கிறது தானா முழு கருப்பு ஆயிடும். Ctrl-ஐ பிடிச்சுக்கிட்டு இழுத்தா கோணம் 15 டிகிரி படியிலதான் நகரும், சாயாது. சந்தேகம்னா அடில ஒரு பளிச் பச்சை லேயர் போட்டு பாருங்க, மிச்சம் மீதி எல்லாம் வெளிய வந்துடும்.

இதுக்கு அப்புறமும் இன்னொரு கோடு இருக்கு, அது உள்பக்கம். கரையறது ஆரம்பிக்கிற 1500-கிட்ட முகத்துக்கு பக்கத்துல மங்கலா ஒரு பட்டை தெரியற மாதிரி இருக்கும். உண்மையில அங்க கோடே கிடையாது, வெளிச்சம் சமமா இருந்துட்டு திடீர்னு ஒரே சரிவா இறங்க ஆரம்பிக்கிற இடத்துல நம்ம கண்ணே ஒரு பட்டையை கற்பனை பண்ணிக்குது, மாக் பேண்டுன்னு சொல்லுவாங்க. மாஸ்க் செலக்ட்ல இருக்கும்போதே Colors, Curves போய் கீழ்ப்பக்கத்தை கொஞ்சம் கீழயும் மேல்பக்கத்தை கொஞ்சம் மேலயும் இழுத்து மெல்லிசா ஒரு S வளைவு போட்டா ரெண்டு முனையும் மெதுவா ஏறி இறங்கும், பட்டை போயிடும்.

என்னை இன்னும் ஆச்சரியப்படுத்தறது, இழுத்து முடிச்ச அப்புறமும் Enter அடிக்கிற வரைக்கும் ரெண்டு முனையையும் பிடிச்சு நகர்த்தலாம், கரையறது கண்ணு முன்னாடியே மாறும். அழிரப்பர் வெச்சு ஓரத்தை தேய்ச்ச காலத்தை நினைச்சா சிரிப்பு வருது. "அம்மா பட்டுப்புடவை முந்தானை மறையுதே தம்பி, கொஞ்சம் தெரியட்டும்"னு வீட்டுக்காரங்க சொன்னா, போட்டோ முழுசா பத்திரமா இருக்கு, மறுபடி ஒரு இழு, முடிஞ்சது.

முடிஞ்சதா? அங்கதான் கடுப்பே. Enter அடிச்சதும் அந்த முனைகள் போயிடும், மாஸ்க் வெறும் சாம்பல் படமா நிக்கும். திரும்ப இழுத்தா பழசை முழுசா மூடிடும், நான் போட்ட S வளைவும் அதோட காலி, மறுபடி Curves, மறுபடி அதே வளைவு. முந்தானைக்கு ஒரு தடவை, மாமா தோளுக்கு ஒரு தடவை, அப்புறம் "முதல்ல இருந்ததே நல்லா இருந்துச்சு"ன்னு ஒரு தடவை.

இதுல லேயர் பேனல்ல பக்கத்துப் பக்கத்துல ரெண்டு குட்டி படம், மாஸ்க்குக்கு பதிலா போட்டோ செலக்ட் ஆகியிருந்தா தம்பதி மேலயே கருப்பு வெள்ளை பூசிடும். லேயரை சுத்தி பச்சை கோடு தெரிஞ்சாதான் மாஸ்க்ல இருக்கோம்னு அர்த்தம், அதை பார்த்துட்டு இழுங்க.

அப்புறம் கரைச்ச போட்டோவை தனியா அனுப்பணும்னா PNG-யா அனுப்புங்க, JPG-ல டிரான்ஸ்பரன்சி நிக்காது, கரைஞ்ச இடமெல்லாம் ஒரே கலர்ல நிரம்பிடும். வேலை ஃபைல் XCF-ஆ இருக்கட்டும், மாஸ்க் அதுல உயிரோட இருக்கும்.

மார்க் கேட்டீங்கன்னா, இன்னைக்கு இருக்கிற கடுப்புல 5-க்கு 2. நாளைக்கு ஒரு காதுகுத்து பேனர் இருக்கு, அதையும் இதுலதான் பண்ணப்போறேன்.