சார்ஜரைச் செருகினாலும் பிடுங்கினாலும் ரீஸ்டார்ட் ஆகிறதா? ‘போர்டு போச்சு’ என்றதும் பணம் கட்டிவிடாதீர்கள்

திருமங்கலத்தில் டிடிபி வேலை செய்கிறேன். ஆவணி முகூர்த்தங்களுக்கான பத்திரிகை வேலைகள் குவிந்திருந்த சமயத்தில், சார்ஜரைச் செருகிய நொடியிலும் பிடுங்கிய நொடியிலும் என் லேப்டாப்பின் திரை அணைந்து, தானாகவே மறுபடி தொடங்க ஆரம்பித்தது. கரண்ட் போனாலும் இதேதான். சேமிக்காத பக்கம் போய்விடும்.

மதுரை டவுன்ஹால் ரோடு பக்கம் ஒரு கடையில் கொடுத்தேன். கடைக்காரர் பின்மூடியைக்கூடக் கழற்றாமல், “சார்ஜிங் ஐசி போயிருச்சு சார், போர்டு வேலை, 6,500 ஆகும்” என்றார். மூன்று நாள் கழித்து, எந்த வேலையும் ஓடாத வெறும் திரையில் ஒருமுறை செருகிப் பிடுங்கிக் காட்டினார், ரீஸ்டார்ட் ஆகவில்லை. வீட்டுக்கு வந்து பெரிய ஃபைல் ஒன்றைத் திறந்து பிடிஎஃப் ஆக்கும்போது சார்ஜரைப் பிடுங்கினேன், பழையபடியே அணைந்தது. கழற்றிய ஐசியைக் கேட்டதற்குக் குப்பையில் போட்டுவிட்டதாகச் சொன்னார். ரசீதில் ‘போர்டு சர்வீஸ்’ என்ற இரண்டே சொற்கள்தாம் இருந்தன.

பழங்காநத்தத்தில் லேப்டாப் சர்வீஸ் செய்யும் என் சித்தி மகனிடம் கொண்டுபோனேன். “அண்ணே, போர்டை அப்புறம் பாப்போம். முதல்ல அடாப்டர் லேபிளைப் படிங்க” என்றான். அதில் 19.5V, 2.31A என்று அச்சிட்டிருந்தது. இரண்டையும் பெருக்கினால் 45 வாட். லேப்டாப்போடு வந்தது 65 வாட் அடாப்டர். அது போனபோது, நான்கு மாதத்துக்கு முன் அதே கடையில்தான் “பின் ஒண்ணுதான் சார், ஓடும்” என்று இதைக் கொடுத்திருந்தார்கள். பின் பொருந்துவதும் வோல்ட் ஒத்திருப்பதும் மட்டும் போதாது. சார்ஜரைச் செருகியதும் பிராசஸர் வேகம் கூட்டி அதிக மின்சாரம் இழுக்கும். அடாப்டருக்கு அந்தத் திராணி இல்லாவிட்டால் பல லேப்டாப்களில் மிச்சத்தை பேட்டரிதான் கொடுத்துச் சமாளிக்கும். பேட்டரியும் தளர்ந்திருந்தால் வோல்டேஜ் சட்டென்று இறங்கி லேப்டாப் அணைந்துவிடும்.

தன்னிடமிருந்த 65 வாட் அடாப்டரைச் செருகினான். செருகும்போது வந்த ரீஸ்டார்ட் அத்தோடு நின்றது, பிடுங்கும்போது வந்தது நிற்கவில்லை. ஆக, கோளாறு ஒன்றல்ல, இரண்டு என்பது அப்போதே தெரிந்தது.

அடுத்து பேட்டரி. கமாண்ட் பிராம்ப்டில் இதை அடிக்கச் சொன்னான்:

```
powercfg /batteryreport
```

வந்த அறிக்கையில் DESIGN CAPACITY 41,040 mWh, FULL CHARGE CAPACITY 15,700 mWh என்று இருந்தது. புதிதில் இருந்த கொள்ளளவில் ஐந்தில் இரண்டு பங்குகூட இல்லை. ஆனால் இந்த எண்ணை மட்டும் நம்பிவிடக் கூடாது என்றான். எண் நன்றாக இருந்தாலும் உள்ளே ஒரு செல் தளர்ந்திருந்தால் சுமை ஏறும்போது வோல்டேஜ் விழும். அதனால் சும்மா இருக்கும்போது ஒருமுறையும், வீடியோ மாற்றும் வேலை ஓடும்போது ஒருமுறையும் சார்ஜரைப் பிடுங்கிப் பார்த்தான். முதல் முறை தாக்குப்பிடித்தது, இரண்டாம் முறை விழுந்தது. கடையில் எனக்கு எப்படிச் ‘சரியாக’ ஓடிக் காட்டியது என்பதும் அப்போதுதான் விளங்கியது. விண்டோஸ் தொடங்கும் முன்பே வரும் பயாஸ் திரையில் வைத்துப் பிடுங்கியபோதும் ஒருமுறை அணைந்ததால் விண்டோஸ் மேல் பழி போட வழியில்லை.

கடைசியாக, கடைக்காரர் முதலிலேயே செய்திருக்க வேண்டிய சோதனை. லேப்டாப்பை அணைத்து, சார்ஜரைக் கழற்றி, பின்மூடியைத் திறந்து, பேட்டரி கனெக்டரைப் பிளாஸ்டிக் நெம்பியால் விடுவித்து, 65 வாட் அடாப்டரில் மட்டும் ஓட்டினான். சார்ஜர் பின்னை மெல்ல மேலும் கீழும் அசைத்தான். சார்ஜர் பின் நுழையும் போர்ட் தளர்ந்திருந்தால் அந்த அசைவிலேயே அணைந்துவிடும். பேட்டரி இணைந்திருக்கும்போது இந்தக் குறை வெளியே தெரியாமல் போகலாம். ஒரு மணி நேரம் வீடியோ வேலை ஓடியும் திரை சிமிட்டவில்லை. போர்ட் நன்றாக இருந்தது, போர்டைச் சந்தேகிக்கவும் காரணம் இல்லை. பேட்டரி இல்லாமல் சில மாடல்கள் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், சில தொடங்கவே மறுக்கும். அவற்றில் இந்தச் சோதனையின் முடிவை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. டச்பேட் மேலெழும்பியிருந்தால் பேட்டரி வீங்கியிருக்கக்கூடும்; அப்போது எந்தச் சோதனையும் வேண்டாம், சார்ஜ் போடுவதை நிறுத்திவிட்டு விவரம் தெரிந்தவரிடம் கொடுத்துக் கழற்றச் சொல்லுங்கள்.

புது பேட்டரிக்கு 2,800, சரியான அடாப்டருக்கு 1,400, மொத்தம் 4,200 ரூபாயில் கோளாறு தீர்ந்தது. அறிக்கையை அச்செடுத்துக்கொண்டு பழைய கடைக்குப் போய்க் கேட்டேன். 45 வாட் அடாப்டரைத் திரும்ப எடுத்துக்கொண்டு அதன் பணத்தைக் கொடுத்தார்கள்; 6,500 ரூபாயைப் பற்றி வாயே திறக்கவில்லை. உங்களிடம் யாராவது போர்டு வேலை என்று சொன்னால், பேட்டரியைக் கழற்றிவிட்டு, சரியான வாட் அடாப்டரில் உங்கள் கண்ணெதிரே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஐசி மாற்றுவதாக இருந்தால் கழற்றிய ஐசி கைக்கு வர வேண்டும் என்று வேலை தொடங்கும் முன்பே ரசீதில் எழுதி வாங்குங்கள்.