சென்னை ஆடிட்டருக்கு எவ்வளவு அதிகாரம் எழுதிக் கொடுக்கலாம்?

சென்னையில் ஃபிளாட் விற்றுவிட்டுத் திரும்பிப் போன வெளிநாட்டுத் தமிழர்களுக்கு ஓரிரு வருடங்களில் வருமான வரித்துறையிலிருந்து நோட்டீஸ் வருவது புதிதல்ல. அடுத்த விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது ஆடிட்டர் அலுவலகத்தில் ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்பார்கள். பெரும்பாலும் அது எல்லா ஆண்டுகளுக்கும் எல்லா வேலைகளுக்கும் அதிகாரம் தரும் அச்சடித்த படிவமாக இருக்கும். வேண்டிய அளவுக்கு மட்டும் அதிகாரம் தர முடியும், அதைச் சென்னையில் இருக்கும் சில நாட்களுக்குள் முடித்துவிடவும் முடியும்.

ஒரு உதாரணம். டொராண்டோவில் வசிக்கும் ஒருவர் 2024-25 நிதியாண்டில் வேளச்சேரி ஃபிளாட்டை விற்று, 2025-26 மதிப்பீட்டு ஆண்டுக்கான ரிட்டர்னை 2025 செப்டம்பரில் தாக்கல் செய்தார் என்று வைத்துக்கொள்வோம். அதை விரிவாக ஆராயப் பிரிவு 143(2)-இன் கீழ் நோட்டீஸ் வருகிறது. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறையில் இருந்தாலும், இந்த ஆண்டுக்கான மதிப்பீடு 1961 சட்டப்படியே நடக்கும். வெளிநாட்டில் வசிப்பவரின் கோப்பு சர்வதேச வரிப் பிரிவில் இருக்கும். அதிகாரியைப் பார்க்காமல் ஆன்லைனிலேயே நடக்கும் முகமறியா மதிப்பீட்டுக்குள் அந்தப் பிரிவு வராது. அதனால் விளக்கத்தை ஆன்லைனில் பதிவேற்றினாலும், ஆடிட்டர் அதிகாரியை நேரில் பார்க்க வேண்டி வரலாம்.

இங்கே மூன்று வேறு பொறுப்புகளைக் குழப்பிக்கொள்வதுதான் பெரிய தொல்லை. முதலாவது, பிரிவு 288-இன் கீழ் அதிகாரி முன் ஆஜராகும் பிரதிநிதி. இதற்கு ஒரு அதிகாரக் கடிதம் போதும். இரண்டாவது, உங்களுக்குப் பதிலாக ரிட்டர்னில் கையெழுத்திடுபவர். நீங்கள் இந்தியாவில் இல்லாதபோது பிரிவு 140 இதை அனுமதிக்கிறது, ஆனால் பவர் பத்திரம் கட்டாயம். மூன்றாவது, வெளிநாட்டில் வசிப்பவரின் ஏஜென்டாக, பிரதிநிதி வரிதாரராகப் பதிவு செய்துகொள்பவர். உங்கள் வரிக்கு அவரே பொறுப்பாளி ஆகிவிடுவார். விவரம் தெரிந்த ஆடிட்டர் யாரும் இதற்கு ஒப்புக்கொள்ள மாட்டார். நோட்டீஸுக்குப் பதில் சொல்ல மட்டும் ஆள் வேண்டுமென்றால் முதலாவது போதும், பவர் பத்திரமே தேவையில்லை.

அதிகாரக் கடிதத்தை ஆங்கிலத்தில் எழுதுவதே வழக்கம். உங்கள் பெயர், பான் எண், மதிப்பீட்டு ஆண்டு, நோட்டீஸின் ஆவண எண், தேதி எல்லாம் அதில் இருக்க வேண்டும். நிறுவனத்தின் பெயருக்குக் கொடுக்காமல், ஆஜராகப் போகும் ஆடிட்டரின் பெயரையும் உறுப்பினர் எண்ணையும் எழுதுங்கள். அவர் தற்போது தொழில் செய்யும் சான்றிதழ் வைத்திருக்கிறாரா என்பதைப் பட்டயக் கணக்காளர் கழகத்தின் தளத்தில் பார்த்துக்கொள்ளலாம். அலுவலகத்தில் பயிற்சியில் இருக்கும் ஆர்டிகிள் பையன் காகிதத்தைக் கொண்டுபோய்க் கொடுக்கலாம். பயிற்சியில் இருப்பதால் மட்டும் வாதாடும் தகுதி அவருக்கு வந்துவிடாது.

எல்லையை எப்படி எழுதுவது? உதாரணக்காரருக்கு இப்படிப் பொருள்படும் வாசகம் பொருந்தும்: “2025-26 மதிப்பீட்டு ஆண்டுக்கான மதிப்பீட்டு நடவடிக்கையிலும் அதில் வெளியாகும் எல்லா நோட்டீஸ்களிலும் எனக்காக ஆஜராகவும், ஆவணங்களும் எழுத்து மூல விளக்கங்களும் தாக்கல் செய்யவும், அவகாசம் கேட்கவும் அதிகாரம் அளிக்கிறேன். வருமானத்தைக் கூட்ட ஒப்புக்கொள்வதும், மேல்முறையீடு செய்வதும், ரீஃபண்டைப் பெறுவதும், வங்கிக் கணக்கை மாற்றுவதும், வேறொருவருக்கு இந்த அதிகாரத்தைக் கொடுப்பதும் இதில் அடங்காது. மதிப்பீட்டு ஆணை வெளியானதும் இந்த அதிகாரம் முடிகிறது.”

‘வெளியாகும் எல்லா நோட்டீஸ்களிலும்’ என்பதை விட்டுவிடாதீர்கள். 143(2) நோட்டீஸைத் தொடர்ந்து விவரம் கேட்டு 142(1) நோட்டீஸ் வருவது வழக்கம். கடிதத்தில் முதல் நோட்டீஸ் மட்டும் இருந்தால், இரண்டாவதற்கு ஆடிட்டருக்கு அதிகாரம் இல்லை என்று அதிகாரி சொல்ல இடமிருக்கிறது. 142(1)-க்குப் பதில் போகாவிட்டால் ஒவ்வொரு தவறுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதிக்கலாம், கைவசம் உள்ளதை வைத்து அதிகாரியே வருமானத்தைக் கணக்கிட்டும் விடலாம். குறுக்குவதிலும் ஒரு அளவு வேண்டும்.

வருமானத்தைக் கூட்ட ஒப்புக்கொள்ளும் அதிகாரத்தை விலக்குவதற்குக் காரணம் உண்டு. ஃபிளாட்டுக்குச் செய்த மராமத்துச் செலவில் பாதிக்குத்தான் ரசீது இருக்கிறது, மீதியை விட்டுவிடுகிறோம் என்று ஆடிட்டர் எழுதிக் கொடுத்துவிட்டால், பிறகு மேல்முறையீட்டில் அதை மீட்பது மிகக் கடினம். மெயிலில் உங்கள் சம்மதம் வாங்கிய பிறகே அப்படி எழுதலாம் என்று வையுங்கள்.

இந்த எல்லைகள் எந்தத் தாளில் இருக்கின்றன என்பதும் முக்கியம். உங்களுக்கும் ஆடிட்டருக்கும் இடையிலான ஒப்பந்தக் கடிதத்தில் மட்டும் இருந்தால், அதிகாரிக்கு அது தெரியாது. அவர் ஆடிட்டரின் பேச்சை நம்பிச் செயல்பட்டால் அது உங்களைக் கட்டுப்படுத்தும். அதிகாரியிடம் தாக்கலாகும் கடிதத்திலேயே எல்லை இருக்க வேண்டும். கடைசியில் ஆடிட்டர் ‘ஏற்றுக்கொள்கிறேன்’ என்று கையெழுத்திட்ட பிரதி ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள்.

எந்தக் கடிதத்தாலும் ஒப்படைக்க முடியாத ஒன்றும் உண்டு. பிரிவு 131-இன் கீழ் சத்தியப் பிரமாணத்தின் பேரில் விசாரிக்க நேரில் வரச் சொன்னால், நீங்கள்தான் போக வேண்டும். பிரிவு 288 அதை வெளிப்படையாகவே விலக்கி வைத்திருக்கிறது.

மேல்முறையீட்டுக்கு, வரியைக் கட்டச் சொல்லும் டிமாண்ட் நோட்டீஸ் கிடைத்த நாளிலிருந்து 30 நாள்தான். மேல்முறையீட்டுப் படிவத்தை ரிட்டர்னில் கையெழுத்திடத் தகுதியுள்ளவர்தான் உறுதிப்படுத்த முடியும், ஆகவே ஆடிட்டரின் அதிகாரக் கடிதம் அங்கே செல்லாது. நீங்களே ஆன்லைனில் உறுதிப்படுத்த முடியாத நிலை என்றால் மட்டும், அதற்கென்று தனியாக ஒரு சிறிய பவர் எழுதுங்கள். உங்களுக்கு நம்பிக்கையான உறவினர் பெயரில் எழுதுவது நல்லது. சென்னையில் இருக்கும்போதே முத்திரைத்தாள் வாங்கி, பாரிமுனைப் பக்கம் நோட்டரி முன் கையெழுத்திட்டால் வேலை சுலபம். ஊர் திரும்பிய பிறகு என்றால் இந்தியத் தூதரகத்திலோ, நீங்கள் வசிக்கும் நாட்டு அரசின் அப்போஸ்டில் முறையிலோ சான்று வாங்கி அனுப்ப வேண்டும். அது இந்தியாவுக்கு வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைக் கட்டணமும் செலுத்த வேண்டும்.

இவ்வளவு கவனமாக எழுதிவிட்டு, வரித்துறைத் தளத்தின் பாஸ்வேர்டை ஆடிட்டர் அலுவலகத்துக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினால் கடிதத்துக்கு மதிப்பில்லை. பாஸ்வேர்ட் இருப்பவர் எல்லா ஆண்டுக் கோப்புகளையும் திறக்கலாம், ரீஃபண்ட் வரும் வங்கிக் கணக்கையும் மாற்றப் பார்க்கலாம். அதற்குப் பதிலாக உங்கள் லாகினில் `e-Proceedings` பக்கத்துக்குப் போய், அந்த நடவடிக்கைக்கு `Authorised Representative` ஆக ஆடிட்டரைச் சேருங்கள். அவர் தன் லாகினிலிருந்தே பதில் போடுவார். `My Profile` பக்கத்தில் இமெயிலும் மொபைலும் யாருடையவை என்றும் பாருங்கள். ரிட்டர்ன் போட்ட வருடத்தில் ஆடிட்டர் தன் இமெயிலையே கொடுத்திருப்பது சகஜம். அப்படி இருந்தால் நோட்டீஸ் வந்ததே உங்களுக்குத் தெரியாமல் போகும்.

ஆடிட்டரை மாற்ற நினைத்தால், அதிகாரத்தை ரத்து செய்யும் கடிதம் ஆடிட்டருக்கும் அதிகாரிக்கும் தனித்தனியே போக வேண்டும். இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 208-படி, ரத்து ஆடிட்டருக்குத் தெரியும்போது அவரளவிலும், அதிகாரிக்குத் தெரியும்போது அதிகாரியளவிலும்தான் செல்லும். நுங்கம்பாக்கம் ஆயக்கர் பவன் போன்ற அலுவலகத்தில் நேரில் கொடுத்தால், பிரதியில் தபால் பிரிவின் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். தளத்திலும் அவர் பெயரை நீக்கிவிட்டு, பாஸ்வேர்டை மாற்றுங்கள்.