‘போன் எடுக்கவில்லை’ என்று கூரியர் அறிக்கை வந்தால்: ஒரு பார்சல், மூன்று பதில்கள்

ஹட்டனில் இருந்து ஒன்லைனில் உடுப்பு விற்கும் ஒருவர், பொகவந்தலாவைப் பக்கத் தோட்டம் ஒன்றின் கீழ்ப்பிரிவுக்குப் பிள்ளைகளின் ஸ்வெட்டர் இரண்டை அனுப்புகிறார். கையில் கொடுத்துக் காசு வாங்கும் முறை, தொகை 3,250 ரூபா. திங்கட்கிழமை மாலை 6.40க்குக் கூரியர் செயலியின் திரையில் `Customer not answering` என்று வருகிறது. இனி அவர் முன்னால் மூன்று வழிகள் உண்டு. மறுபடி கொண்டுபோகச் சொல்லி உடனே `Re-attempt` அழுத்தலாம், வாங்குபவரிடம் பேசிவிட்டுக் குறிப்போடு பதில் போடலாம், அல்லது கிளையிலேயே வைத்திருக்கச் சொல்லி வாங்குபவரை வந்து எடுக்கச் சொல்லலாம்.

எதைத் தேர்ந்தாலும் நேரம்தான் முதலில். ரைடர் மாலையில் கிளைக்குத் திரும்பி அன்றைய கணக்கை முடிக்கும்போதுதான் பெரும்பாலான அறிக்கைகள் மேலேறுகின்றன. மறுநாள் காலை பார்சல்களைப் பாதை பாதையாகப் பிரித்து ஏற்றிவிடுவார்கள். ஆகவே இரவே போட்ட பதில் அந்தப் பிரிப்புக்கு முன் போய்ச் சேரும். அடுத்த நாள் பத்து மணிக்குப் போட்ட பதிலுக்கு அன்று வேலை இல்லை, வண்டி போயிருக்கும். டவுனில் இருப்பவருக்கு அது ஒரு நாள் தாமதம் மட்டுமே. தோட்டப் பாதைகளுக்கோ பல கிளைகள் தினமும் ஆள் அனுப்புவதில்லை, வாரத்தில் இரண்டு மூன்று நாள்தான் போகும். அதனால் ஒரு காலையைத் தவறவிட்டால் மூன்று நாள் போகலாம். உங்கள் கிளை எந்தப் பாதைக்கு எந்தக் கிழமை போகிறது என்று ஒருமுறை கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மற்ற எல்லாக் கணக்கும் அதை வைத்துத்தான்.

முதல் வழிக்கு அரை நிமிடம் போதும். பிழை கூரியர் பக்கம் இருந்தால் அதுவே சரியான பதில்: மண்சரிவால் வீதி மூடியிருந்தது, வாகனம் பழுது, பார்சல் கிளையை விட்டே வெளியேறவில்லை. வாங்குபவரைத் தொந்தரவு செய்யத் தேவையில்லை, வாகனம் திரும்ப ஓடினால் பார்சலும் போய்விடும். ஆனால் ‘போன் எடுக்கவில்லை’ என்ற காரணத்துக்கு வெறும் `Re-attempt` போடுவது வீண். நம் உதாரணத்தில் அந்தப் பாதைக்கு வண்டி திங்கள், புதன், வெள்ளி போகிறது என்று வைத்துக்கொள்வோம். புதன் காலை பதினொன்றுக்கு அதே ரைடர் அதே இலக்கத்துக்கு அடிப்பார். வாங்கும் அக்கா அப்போதும் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டுதான் இருப்பார், போன் லயத்தில் கிடக்கும். வெள்ளியும் அதே கதை. பல நிறுவனங்கள் மூன்று முறைக்குமேல் அலையமாட்டா, அதனால் சனிக்கிழமை பார்சல் ரிட்டர்ன் ஆகிவிடும். வாங்க விருப்பம் இல்லாமல் திரும்பியது அல்ல அது. எவரும் எந்த நேரத்தில் வீட்டில் ஆள் இருக்கும் என்று கேட்காததால் திரும்பியது.

இரண்டாவது வழிக்குப் பதினைந்து நிமிடம் போகும், ஆனால் தோட்ட முகவரிகளுக்குப் பெரும்பாலும் இதுதான் பலன் தரும். மாலை ஆறரைக்குமேல் கோல் எடுங்கள், வேலை முடிந்து வீட்டுக்கு வந்திருப்பார்கள். எடுக்காவிட்டால் வட்ஸ்அப்பில் ஒரு குரல் செய்தி போடுங்கள். எழுத்தை விட அது விரைவாகக் கேட்கப்படும்.

“அக்கா, கூரியர்காரர் இன்னைக்கு வந்தாராம், போன் எடுக்கலன்னு போட்டிருக்காரு. புதன்கிழமை திரும்ப வருவாரு, எங்க குடுக்கச் சொல்லட்டும்?”

“நான் மலையில இருந்து வர அஞ்சு மணியாகும் தம்பி. சந்திக் கடையில குடுக்கச் சொல்லுங்க. காலையில காசு அங்க குடுத்துட்டுப் போறேன்.”

இந்த இரண்டு வரியில் வேண்டியதெல்லாம் இருக்கிறது: நாள், இடம், காசு யாரிடம். கூடவே இரண்டாவது போன் இலக்கம் ஒன்றும், எந்தப் பிரிவு, எந்த லயம் என்பதும் கேளுங்கள். தோட்டத்தின் பெயர் மட்டும் போட்ட முகவரியில் மேற்பிரிவுக்கும் கீழ்ப்பிரிவுக்கும் இடையே ரைடர் பல கிலோமீற்றர் சுற்ற வேண்டியிருக்கும். கோவில், பிள்ளை மடுவம், பெக்டரி வாசல் என்று கண்ணுக்குத் தெரியும் அடையாளம் ஒன்று அவருக்கு இலக்கத்தை விடப் பயன்படும்.

இனிக் குறிப்பு. “வாடிக்கையாளர் தயார், மீண்டும் அனுப்பவும்” என்று எழுதினால் ரைடருக்கு அதில் ஒன்றுமே இல்லை. “புதன். கீழ்ப்பிரிவுச் சந்திக் கடையில் கொடுக்கவும், காசு 3,250 கடையில் இருக்கும். கடைக்காரர் இலக்கம் 07…” என்று எழுதினால் வண்டியை நிறுத்தும் இடம் வரை தெரிந்துவிடும். கடைக்காரரின் இலக்கத்தை அவரிடம் கேட்டுவிட்டே போடுங்கள். ரைடர் சிங்களத்தில் வாசிப்பவரானால் குறிப்பும் சிங்களத்தில் இருக்கட்டும். நீண்ட குறிப்பு சில செயலிகளில் பாதியில் வெட்டுப்படும், ஆகவே நாளும் இடமும் முதலில் வர வேண்டும். புதன் காலை எட்டு மணிக்குமுன் கிளைக்கு ஒரு கோல் எடுத்து, பார்சல் அன்றைய பட்டியலில் ஏறிவிட்டதா என்று கேளுங்கள். திரையில் `Re-attempt` பதிவாகியும் பார்சல் தட்டிலேயே கிடப்பது இந்தக் கட்டத்தில்தான்.

மூன்றாவது வழி, கிளையில் வைத்திருப்பது. வாங்குபவர் டவுனுக்கு எப்படியும் வருபவரானால் நல்லது. அடையாள அட்டை கொண்டுவரச் சொல்லுங்கள். தோட்டத்து ஆட்கள் டவுனுக்கு வருவது பெரும்பாலும் ஞாயிறில், அன்று அந்தக் கிளை திறக்குமா என்பதை முதலில் உறுதிசெய்யுங்கள். பஸ் காசையும் அரை நாளையும் வாங்குபவர் மேல் ஏற்றும் வழி இது. எனவே அவர் தாமாகக் கேட்டால் மட்டும் கொடுக்க வேண்டும் என்பதே எங்கள் நிலைப்பாடு.

காசு இல்லை என்பதற்காகவும் போன் எடுக்காமல் இருப்பதுண்டு. தோட்டத்தில் சம்பளம் பொதுவாக மாதத்தின் 10ஆம் திகதியை ஒட்டித்தான் கிடைக்கும். 3ஆம் திகதி வந்த பார்சலுக்கு வெட்கப்பட்டு போனைத் தவிர்ப்பவர், “சம்பளத்துக்குப் பிறகு அனுப்பட்டுமா?” என்று நீங்கள் கேட்டால் நிம்மதியாக ஆம் என்பார். அப்போது கிளை எத்தனை நாள் வைத்திருக்கும் என்று பாருங்கள். ஐந்து நாள்தான் என்றால் அலைய விடாமல் ரிட்டர்னை ஒப்புக்கொண்டு, 10ஆம் திகதிக்குப் பிறகு புதிதாக அனுப்புவதே மேல். முன்கூட்டியே வங்கிக்குப் போட்டுவிட்டார் என்றால், வசூல் தொகையைப் பூச்சியமாக மாற்றச் சொல்லி, ரைடர் வெளியேறுமுன் திரையில் மாறியதா என்றும் பார்க்க வேண்டும். மாறாவிட்டால் ரைடர் காசு கேட்பார், வாங்குபவர் கோபத்தில் மறுத்துவிடுவார்.

ஒன்று மிச்சம். ரைடர் கோலே எடுக்காமல் ‘போன் எடுக்கவில்லை’ என்று போட்டிருக்கலாம். ஒரே பாதையில் உங்கள் மூன்று நான்கு பார்சல்களுக்கும் ஒரே நிமிடத்தில் அதே காரணம் பதிந்திருந்தால், அவை கிளையில் உட்கார்ந்து ஒன்றாகப் போட்டவையாக இருக்க வாய்ப்பு அதிகம். வாங்குபவரின் போனில் தவறிய கோல் இருக்கிறதா என்று படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஆனால் பள்ளத்தில் சிக்னல் இல்லாத லயங்களில் தவறிய கோல் பதிவாகாமலும் போகும். எனவே அந்தப் படத்தை மட்டும் வைத்து ரைடரைக் குற்றம் சொல்லாமல், அவர் அடித்த நேரத்தைக் கிளையிடம் கேளுங்கள். நேரம் சொல்ல முடியாவிட்டால், அந்த முயற்சியைக் கணக்கில் இருந்து நீக்கும்படி அதே இரவே எழுத்தில் கேட்டு வையுங்கள். மூன்று முயற்சிகளில் ஒன்று உங்களுக்குத் திரும்பக் கிடைக்கும்.